சந்தை ஏறியது, செல்வம் தோற்றார்

கேள்வி: நான் ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். டீக்கடை நடத்தும் செல்வம், கடைக்கு வரும் இளைஞர் ஒருவரின் செல்போனில் பச்சையாக ஏறிக்கொண்டிருக்கும் ஒரு சார்ட்டைப் பார்க்கிறார். "ஒரு மணி நேரத்துல ஏழு மடங்குண்ணே" என்கிறார் இளைஞர். செல்வத்துக்கு ஆசை வருகிறது. ஃப்ரிட்ஜ் வாங்க வைத்திருந்த 20,000 ரூபாயைப் போடுகிறார். மூன்று வாரத்தில் அது 2 லட்சமாகிறது. பிறகு ஒரே நாளில் மார்க்கெட் சரிந்து எல்லாம் போய்விடுகிறது. படித்த நண்பர், "டீக்கடை நல்லா வந்திருக்கு, பணம் போற இடம்தான் நம்பும்படியா இல்ல" என்றார். எனக்கு ஷேர் மார்க்கெட் தெரியாது. செல்வம் உண்மையில் எதைப் பார்த்திருப்பார்? அவர் பணம் எப்படிப் போயிருக்கும்?

பதில்: ஆடிட்டர்

கதையின் நடையைப் பற்றிச் சொல்ல நான் ஆளில்லை. சிறு வியாபாரிகளுக்கு வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பவன். ஆனால் செல்வம் போன்றவர்களின் ட்ரேடிங் ஸ்டேட்மெண்ட்டுகள் என் மேசைக்கு வருகின்றன. அவற்றை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் நண்பர் இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார். மார்க்கெட் சரிந்த நாளில் பணம் போனதாக நான் பார்க்கும் ஸ்டேட்மெண்ட்டுகள் குறைவு. மார்க்கெட் ஏறும் என்று நினைத்து, அதேபோல அது ஏறியும், பணம் போன ஸ்டேட்மெண்ட்டுகள்தான் அதிகம். உங்கள் கதைக்கும் அதுதான் பொருந்தும் என்று படுகிறது. எப்படி என்று விளக்குகிறேன்.

முதலில் அந்த சார்ட். ஒரு மணி நேரத்தில் ஏழு மடங்கு என்றால் அது எந்தக் கம்பெனியின் ஷேரும் அல்ல. அன்று செவ்வாய்க்கிழமையாக இருந்திருக்க வேண்டும். இளைஞர் பார்த்துக்கொண்டிருந்தது, ஐம்பது பெரிய கம்பெனிகளின் ஷேர் விலையைச் சேர்த்துக் காட்டும் குறியீடான நிஃப்டியின் ஆப்ஷன் ஒன்றின் விலை சார்ட்டாக இருந்திருக்க வேண்டும். ஆப்ஷன் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன். 2025 செப்டம்பரிலிருந்து நிஃப்டியின் வாராந்தர ஆப்ஷன்கள் செவ்வாய்க்கிழமைதோறும் காலாவதியாகின்றன. அதை எக்ஸ்பைரி என்பார்கள். அன்று மதியத்துக்கு மேல் இப்படி ஒன்று நடக்கலாம்: நிஃப்டி 25,740ல் இருக்கிறது. நிஃப்டி 25,800ஐத் தாண்டினால் பணம் தரும் 25,800 கால் ஆப்ஷன் 12 ரூபாய்க்குக் கிடக்கிறது. முக்கால் மணி நேரத்தில் நிஃப்டி 150 புள்ளி ஏறி 25,890ஐத் தொடுகிறது. ஆப்ஷன் 90 ரூபாய் ஆகிவிடுகிறது. ஏழரை மடங்கு. இத்தனைக்கும் நிஃப்டி ஏறியது நூற்றுக்கு 60 காசு அளவுதான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செல்போனில் சார்ட் வரையும் ஆப், அந்த நேரத்தின் மிகக் குறைந்த விலையைத் திரையின் அடியிலும் மிக அதிக விலையைத் திரையின் உச்சியிலும் வைத்துத் தானாகவே நீட்டிக்கொள்ளும். 12 ரூபாயிலிருந்து 90 ரூபாய்க்குப் போனாலும், 25,740லிருந்து 25,760க்குப் போனாலும் பார்வைக்கு ஒரே மலைதான். டீ கிளாஸை நீட்டும் நேரத்தில் எட்டிப் பார்ப்பவருக்கு ஓரத்தில் இருக்கும் எண்கள் தெரியாது. நிறமும் சாய்வும்தான் தெரியும். அதைவிட முக்கியமானது, அந்த சார்ட்டில் இளைஞரின் பணம் எங்கேயும் இல்லை. 12 ரூபாயில் வாங்கினாரா, 70ல் வாங்கினாரா, வாங்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாரா என்பதை சார்ட் சொல்லாது. "ஏழு மடங்குண்ணே" என்று அவர் சொன்னது ஆப்ஷனின் விலையைப் பற்றி. செல்வத்தின் காதில் விழுந்தது இளைஞரின் சம்பாத்தியம். யாரும் பொய் சொல்லாமலே செல்வம் ஏமாறுவதற்கு உங்களுக்கு ஓர் இடம் கிடைக்கிறது.

இனி கணக்குத் திறப்பது. ஷேர் வாங்க ஆதார், பான், வங்கிக் கணக்கு போதும். ஆப்ஷன் வர்த்தகத்துக்கு வருமானச் சான்றும் கேட்பார்கள். செல்வத்திடம் சம்பளச் சீட்டு ஏது? பெரும்பாலும் ஆறு மாத வங்கி ஸ்டேட்மெண்ட்டைக் கொடுப்பார்கள். கடையில் க்யூஆர் அட்டை வைத்திருப்பதால் ஒவ்வொரு டீக்கும் விழுந்த பத்தும் பதினைந்தும் அதில் பக்கம் பக்கமாக இருக்கும். அந்தப் பக்கங்களே அவரை உள்ளே விடும் சான்றாகிவிடுகின்றன.

ஆப்பைத் திறக்கும்போது ஓர் எச்சரிக்கையும் வரும். உங்கள் கதையில் அது இல்லை. 2023 ஜூலையிலிருந்து ஒவ்வொரு புரோக்கரும் லாகின் செய்யும்போது காட்டியாக வேண்டும் என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி உத்தரவிட்ட வாசகம் அது: ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷனில் ஈடுபடும் பத்துத் தனிநபர்களில் ஒன்பது பேர் நஷ்டமடைந்தார்கள். செல்வம் முதல் நாள் அதை வாசிக்கலாம். ஒரு வாரத்தில் அவர் விரல் வாசிக்காமலே அடுத்த பட்டனைத் தொட்டிருக்கும். நான் கேட்டவர்களில் ஒருவருக்குக்கூட அதில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஏதோ வரும், தள்ளிவிடுவோம் என்பார்கள்.

ஆப்ஷன் என்றால் என்ன என்பதைக் கதையில் விளக்காதீர்கள். ஆனால் எழுதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிலம் வாங்க அச்சாரம் கொடுத்து அக்ரிமெண்ட் போடுவதைப் போன்றது அது. செவ்வாய்க்கிழமை மூன்றரை மணிக்கு நிஃப்டி 25,900க்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவும் எனக்கு, இல்லாவிட்டால் அச்சாரம் போச்சு என்பது ஒப்பந்தம். அந்த அச்சாரத்தின் பெயர்தான் பிரீமியம். அதைக் கெடு முடிவதற்குள் இன்னொருவருக்குக் கைமாற்றலாம். ஆனால் கெடு நெருங்க நெருங்க, நிலத்தின் விலை அப்படியே இருந்தாலும், அந்தக் காகிதத்தை வாங்க வருபவர் குறைத்துத்தான் கேட்பார். மிச்சமிருக்கும் நேரத்துக்கும் ஒரு விலை உண்டு. அது நாள்தோறும் கரையும், கடைசி நாளில் மணிதோறும் கரையும். செல்வம் தோற்பது இதனிடம்தான்.

முதல் வர்த்தகத்தில் அவர் ஜெயிக்கட்டும், அதை மாற்ற வேண்டாம். ஆனால் தொகையைச் சுருக்குங்கள். ஆப்ஷனைக் கட்டாகத்தான் வாங்க முடியும், அந்தக் கட்டின் பெயர் லாட். 2025 கடைசியில் நிஃப்டி ஆப்ஷன் ஒரு லாட் என்பது 75. 40 ரூபாயில் ஒரு லாட் வாங்கினால் 3,000 ரூபாய். பத்துப் பதினைந்து நிமிடத்தில் 62க்கு விற்கிறார். லாபம் 1,650. பிடித்தம் போகக் கையில் 1,600க்குக் கொஞ்சம் குறைவு. விடிவதற்கு முன் எழுந்து, பால் காய்ச்சி, இரவு அடுப்பை அணைக்கும்வரை நின்றால் அவருக்கு நாளைக்கு ஆயிரம் ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை நாள் உழைப்பு அந்தச் சில நிமிடங்களில் வந்துவிட்டது. 20,000 ரூபாய் 2 லட்சமாக வேண்டியதே இல்லை. இந்த 1,600 போதும். இதைத் தன் ஒரு நாள் கூலியோடு ஒப்பிடாமல் யாராலும் இருக்க முடியாது. முதலில் தோற்பவர்களில் பலர் மூவாயிரத்தோடு விட்டுவிடுகிறார்கள். என் மேசைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் ஜெயித்தவர்கள்.

பிடித்தம் என்றேனே, அதையும் ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். வாங்க 20, விற்க 20 என்று புரோக்கரேஜ், அதன்மேல் ஜிஎஸ்டி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், விற்கும்போது பிரீமியத்தில் எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, முத்திரை வரி. ஒரு லாட்டை வாங்கி விற்றால் ஏறக்குறைய 60 ரூபாய். பெரிதாகத் தெரியாது. ஆனால் செல்வம் ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று மூன்று வாரம், அதாவது பதினைந்து வர்த்தக நாள், செய்தால் முப்பது வர்த்தகம். 1,800 ரூபாய் இப்படியே போயிருக்கும். மூன்று வாரத்தில் அவர் 5,600 ரூபாய் சம்பாதித்திருந்தால் கணக்கில் கூடியிருப்பது 3,800தான். ஆப்பின் முகப்பில் தெரியும் லாபத்தில் பெரும்பாலும் இந்தப் பிடித்தம் கழிக்கப்பட்டிருக்காது. மாலையில் மின்னஞ்சலுக்கு வரும் அன்றைய கணக்குச் சீட்டான கான்ட்ராக்ட் நோட்டில்தான் இருக்கும். செல்வம் மின்னஞ்சல் திறப்பவராக எனக்குத் தோன்றவில்லை.

ஆக, மூன்று வார முடிவில் அவர் கணக்கில் 23,800 இருக்கிறது. நம்பிக்கை அதைவிட அதிகமாக இருக்கிறது. இப்போது நான்காவது வாரம். உங்கள் கதையின் நடுப்பகுதியாக இதை வைத்துக்கொள்ளலாம். எண்கள் என் கற்பனைதான், ஆனால் ஆப்ஷன் விலைகள் அந்தச் சமயத்தில் நகரக்கூடிய விதத்திலேயே போட்டிருக்கிறேன்.

புதன்கிழமை நிஃப்டி 25,700. அது ஏறும் என்று செல்வத்துக்குத் தோன்றுகிறது. அடுத்த செவ்வாயில் முடியும் 25,900 கால் ஆப்ஷனை 80 ரூபாயில் இரண்டு லாட் வாங்குகிறார். 12,000 ரூபாய். இதுவரை ஒன்றொன்றாக வாங்கியவர் முதன்முறையாக இரண்டாக்குகிறார். வியாழனும் வெள்ளியும் நிஃப்டி கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். சனி, ஞாயிறு சந்தை கிடையாது. ஆனால் கெடு ஓடிக்கொண்டிருக்கும். திங்கள் பிற்பகல் நிஃப்டி 25,780. அவர் சொன்னபடியே 80 புள்ளி ஏறியிருக்கிறது. ஆப்ஷன் எவ்வளவு தெரியுமா? 24 ரூபாய்.

டீ போட்டபடி அதைப் பார்க்கும் செல்வத்துக்கு இது புரியாது. நிஃப்டி பச்சை, தன் கணக்கு சிவப்பு. ஆப்பில் ஏதோ தப்பு என்றுதான் முதலில் நினைப்பார். என்னிடம் வந்த ஒருவர், புரோக்கர் கம்பெனி தன்னை ஏமாற்றிவிட்டதாக நம்பி, அதற்கு ஆதாரமாகவே ஸ்டேட்மெண்ட்டை எடுத்து வந்தார். ஏமாற்று எதுவும் இல்லை. புதன்கிழமை அவர் கொடுத்த 80 ரூபாயும் ஐந்து வர்த்தக நாட்களுக்குள் ஏற வாய்ப்பு இருக்கிறது என்பதற்கான விலை. அதில் நான்கு நாள் தீர்ந்துவிட்டது. 25,900ஐத் தொட இன்னும் 120 புள்ளி வேண்டும், ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது.

இங்கே அவர் செய்யப்போவது என்ன என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விலை குறைந்தபோது இன்னும் கொஞ்சம் வாங்கிச் சராசரியைக் குறைப்பார். வியாபாரிகளுக்கு இது இயல்பாக வரும் புத்தி. சர்க்கரை விலை இறங்கினால் ஒரு மூட்டை கூட வாங்கிப் போடுபவர்தானே. சர்க்கரை மூன்று மாதம் கிடக்கும், ஆப்ஷன் நாளை மாலை செத்துவிடும் என்ற வித்தியாசம் அந்தக் கணத்தில் உறைக்காது. 24 ரூபாயில் மேலும் நான்கு லாட். 7,200 ரூபாய். இப்போது அவரிடம் ஆறு லாட், அதாவது 450 ஆப்ஷன். மொத்தம் போட்டது 19,200. சராசரி விலை 42 ரூபாய் 67 காசு.

செவ்வாய் காலை ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கிறது. நிஃப்டி ஏற்றத்தோடு 25,860. பத்தரை மணிக்கு ஆப்ஷன் 42 ரூபாய்க்கு வந்து நிற்கிறது.

தயவுசெய்து இந்த இடத்தில் நின்று எழுதுங்கள். செல்வத்தின் மொத்த நஷ்டம் இப்போது 300 ரூபாய். இருபது டீ காசு. விற்றால் ஏறக்குறைய முழுப் பணமும் கைக்கு வந்துவிடும். ஆனால் பத்தரை மணி என்பது கடையில் இரண்டாவது கூட்டம் வரும் நேரம். ஒரு கையில் பாய்லர் குழாய், இன்னொரு கையில் சில்லறை. அவர் கணக்கில் நிற்பது 300 ரூபாய் சிவப்பு. இன்னும் ஒரு ரூபாய் ஏறினால் அது பச்சை. நஷ்டத்தில் விற்றோம் என்று இருக்கக் கூடாது, வாங்கின விலை வந்ததும் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு அடுத்த டீயை ஆற்றுவார். நான் பார்த்த பெரிய நஷ்டங்களில் பலவற்றின் நடுவே இப்படி ஒரு நேரம் இருந்திருக்கிறது, சொற்ப நஷ்டத்தோடு வெளியேற வழி திறந்திருந்த நேரம்.

அதன் பிறகு எதுவும் நடக்காது. அதுதான் இதில் பயங்கரம். நிஃப்டி 25,860லேயே சுற்றிக்கொண்டிருக்கும். பன்னிரண்டு மணிக்கு ஆப்ஷன் 33 ரூபாய், நஷ்டம் 4,350. இரண்டரை மணிக்கு 12 ரூபாய், நஷ்டம் 13,800. இடையில் எந்தச் செய்தியும் இல்லை, சரிவும் இல்லை, டிவியில் சிவப்பு எழுத்து ஓடவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் "மார்க்கெட் எப்படி?" என்று கேட்டால் "இன்னிக்கு நல்லாத்தான் இருக்கு" என்பார். கடைசி அரை மணி நேரச் சராசரியை வைத்து நிஃப்டியின் முடிவு விலை 25,885 என்று வருகிறது. 25,900க்குப் பதினைந்து புள்ளி குறைவு. ஆப்ஷனின் மதிப்பு பூஜ்யம். புதன்கிழமையிலிருந்து நிஃப்டி 185 புள்ளி ஏறியிருக்கிறது. செல்வத்தின் 19,200 ரூபாய் முழுவதும் போய்விட்டது. மூன்றரை மணி, சாயங்கால டீக்கு ஆட்கள் வரத் தொடங்கும் நேரமும் அதுதான்.

உங்கள் கதையில் எல்லாம் போனதும் செல்வம் கல்லாப்பெட்டியின் முன் தலை குனிந்து நிற்பதோடு முடித்திருக்கிறீர்கள். நிஜத்தில் கதை அங்கே முடிவதில்லை. கணக்கில் இன்னும் 4,500 ரூபாய் சொச்சம் இருக்கிறது, அது ஒரு லாட்டுக்குப் போதும். ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தைப் பற்றி 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி 2022, 2023, 2024 நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்திருக்கிறார்கள். சராசரி நஷ்டம் ஆளுக்கு ஏறக்குறைய 2 லட்சம். அதே ஆய்வில் இன்னொரு தகவல் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது: தொடர்ந்து இரண்டு ஆண்டு தோற்றவர்களிலும் முக்கால்வாசிக்கு மேற்பட்டவர்கள் விடாமல் வர்த்தகத்தைத் தொடர்ந்திருக்கிறார்கள். முக்கால்வாசிப் பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குக் கீழ் என்று சொன்னவர்கள். செல்வம் அந்தக் கூட்டத்தில் அதிசயப் பிறவி அல்ல.

அப்படியானால் அடுத்த பணம் எங்கிருந்து வரும்? இங்கே ஒரு கணக்கெழுதுபவனாகச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் டீக்கடைக் கல்லாவில் பால்காரருக்கு, சிலிண்டருக்கு, வீட்டுக்கு என்று தனித்தனியாக ரப்பர் பேண்டு போட்டு வைத்திருப்பார்கள். பால் பணத்தைத் தொடக் கை கூசும். இப்போது க்யூஆரில் விழும் பணமெல்லாம் ஒரே வங்கிக் கணக்கில் கலந்து நிற்கிறது. அங்கிருந்து யூபிஐ மூலம் ட்ரேடிங் கணக்குக்கு அனுப்பச் சில விநாடி போதும். திரும்ப எடுக்கப் பெரும்பாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். செல்வம் எடுத்தது பால்காரரின் பணம் என்பது அவருக்கே வார முடிவில் பால்காரர் வந்து நிற்கும்போதுதான் தெரியும். ஒரு வாரம் தவணை சொல்வார். அடுத்த வாரம் தண்டல்காரரிடம் போவார். 10,000 என்று எழுதிக் கையில் 8,500 கொடுத்து, நாளைக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார்கள். இதெல்லாம் கடையில் தெரியும். பாலில் தண்ணீர் கூடும். பிஸ்கட் பாட்டில்கள் பாதி காலியாக நிற்கும். ஒன்பதேகாலுக்கும் மூன்றரைக்கும் நடுவே சர்க்கரை கம்மியாகக் கேட்டவருக்குத் தூக்கலாகப் போட்டுக் கொடுப்பார். வழக்கமாக வரும் வாடிக்கையாளர்கள் சொல்லிக்கொள்ளாமல் எதிர்ப்பக்கக் கடைக்கு மாறுவார்கள். ஸ்டேட்மெண்ட்டில் 19,200 என்று நிற்கும் நஷ்டம், கடையில் மெதுவாக அதைவிடப் பெரிதாகிவிடும். உங்களுக்குத்தான் டீக்கடையை எழுத வருகிறதே, இந்தப் பகுதியைத் தாராளமாக எழுதுங்கள்.

ஜெயித்தது யார் என்று உங்கள் வாசகர் கேட்கலாம். இளைஞர் இல்லை. செல்வத்துக்கு ஆப்ஷனை விற்றவர் எதிரே நிற்கும் ஒரு மனிதராகவும் இருக்க அவசியமில்லை. அதே செபி ஆய்வில், 2024 நிதியாண்டில் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் சுமார் 33,000 கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் சுமார் 28,000 கோடியும், செலவுகளைக் கழிக்காத கணக்கில், லாபம் பார்த்ததாக வருகிறது. அந்த லாபத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டர் புரோகிராம்கள் தாமாகவே போட்ட ஆர்டர்களால் வந்தது. பதினைந்து புள்ளி குறைந்த நாளில் மறுபக்கம் யாரும் கைதட்டியிருக்க மாட்டார்கள். அதனால் வில்லன் தேடாதீர்கள்.

உங்கள் பிரதியில் இளைஞரைக் கொஞ்சம் வில்லனாக ஆக்கியிருப்பது தெரிகிறது. என் அனுபவத்தில் அந்த இளைஞரும் நஷ்டமடைந்த அந்த நூற்றுக்கு 93 பேரில் ஒருவர்தான். செல்வத்திடம் சார்ட்டைக் காட்டுகிறவர் தன் மொத்த லாப நஷ்டக் கணக்கு இருக்கும் பக்கத்தைக் காட்டமாட்டார். அந்தப் பக்கத்தை அவரே திறந்து பல மாதம் ஆகியிருக்கும். கதையில் ஒரு காட்சி வேண்டுமென்றால், செல்வம் எல்லாம் போன பிறகு அவரிடம் "நீங்க இதுவரைக்கும் மொத்தமா எவ்ளோ எடுத்தீங்க தம்பி?" என்று ஒரே ஒரு முறை கேட்கட்டும். பதில் எழுத வேண்டாம்.

ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். "வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்தார்கள், ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார்கள், அதில் லாபம் ஏறிக்கொண்டே போனது, எடுக்கப் போனால் வரி கட்டு என்றார்கள்" என்பது முழுக்க வேறு கதை. அதில் சந்தையே இல்லை, போலி ஆப் காட்டும் எண்கள்தான். உங்கள் பிரதியில் செல்வம் பணத்தை யாரோ ஒருவர் பெயரிலுள்ள யூபிஐ எண்ணுக்கு அனுப்புவதாக ஒரு வரி வருகிறது. விவரம் தெரிந்த வாசகர் அதைப் பார்த்ததும் இது மோசடிக் கதை என்று முடிவு செய்துவிடுவார். 2025 அக்டோபரிலிருந்து செபியில் பதிவுபெற்ற புரோக்கர்களுக்குத் தனி யூபிஐ முகவரி உண்டு, பெயருக்குப் பின்னால் .brk என்றும், @ குறிக்குப் பிறகு valid என்ற சொல்லோடு வங்கிப் பெயரும் வரும். அப்படி ஒன்றைப் போடலாம், அல்லது "ஆப்பில் பணம் ஏற்றினார்" என்று மட்டும் விட்டுவிடலாம்.

காலத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நான் போட்ட கணக்கு 2025 செப்டம்பருக்குப் பிறகு, அந்த ஆண்டு முடிவதற்குள் நடப்பதாக வைத்தது. கதையை அதற்கு முன்னால் கொண்டுபோனால் நிஃப்டி எக்ஸ்பைரி வியாழக்கிழமை. 2024 நடுப்பகுதியில் நடப்பதாக வைத்தால் லாட் 25தான், அப்போது செல்வம் இதே ஆப்ஷனை மூன்றில் ஒரு பங்கு பணத்தில் வாங்கியிருக்க முடியும். 2026 பிறந்த பிறகு என்றால் லாட் 65; மேலே உள்ள தொகைகளை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். 300 ரூபாய் நஷ்டத்தோடு நிற்கும் அந்தப் பத்தரை மணியை மட்டும் எந்த ஆண்டுக்கு மாற்றினாலும் எடுத்துவிடாதீர்கள்.